ஐந்து வரிக்காக ஒரு கடிதம்

"வடிவா இருக்கு பிள்ளை. நல்ல சந்தோசம்." 2014ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ரீச்சர் அனுப்பிய பதில் அவ்வளவுதான். என் மாணவி ஒருத்தியின் அரங்கேற்ற மலருக்காக என்னைப் பற்றிய குறிப்பு ஒன்றை எழுதி, "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ ரீச்சர்" என்று ஒற்றை வரியோடு அனுப்பியிருந்தேன். ரீச்சரே பார்த்துவிட்டார் என்ற நிம்மதியில் அச்சுக்குக் கொடுத்தேன்.

அந்தக் குறிப்பில் ஒரு பொய் இருந்தது. ரீச்சருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று விளங்கிக்கொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. நான் அவரிடம் எதையுமே கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

கோப்பன்ஹேகனுக்குத் தென்மேற்கே, கடலோரமாக இருக்கிறது இஷொய். ரயிலால் இறங்கினால் ஒரு பக்கம் 1970களில் எழுந்த கொன்கிரீட் அடுக்குமாடிகள். மறுபக்கம் கடற்கரையும், 1996இல் கப்பல் போன்ற வடிவில் கட்டித் திறந்த ஆர்க்கன் கலைக்கூடமும். அடுக்குமாடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் உடற்பயிற்சி அறையில் 1994 முதல் ஞாயிறு காலைகளில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். கிழமை நாட்களில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. டென்மார்க்கில் எங்கள் சனம் அதிகம் இருப்பது யூலண்ட் பக்கம். கோயில்களும் பெரிய விழாக்களும் ஹேர்னிங், பிராண்ட என்று அந்தப் பக்கம்தான். நாங்கள் கிழக்கே கொஞ்சப் பேர்.

நடன ஆசிரியைக்குத் தன்னைப் பற்றிய குறிப்பு ஓயாமல் தேவைப்படும். அரங்கேற்ற மலருக்கு ஒன்று, கோயில் திருவிழா நோட்டீசுக்கு ஒன்று, மண்டபத்துக்குப் பணம் கேட்டுக் கொமூனுக்குப் போடும் விண்ணப்பத்துக்கு ஒன்று, அறிவிப்பாளர் மேடையில் வாசிக்க ஒன்று. ஒவ்வொரு முறையும் பழைய குறிப்பை எடுத்து ஒரு வரியைக் கூட்டுவோம். யாரும் ஒரு வரியைக் குறைப்பதில்லை. பத்து வருடத்தில் அது என்னவாகும் என்பதற்கு என்னுடைய குறிப்பே சாட்சி.

பொய் இப்படித்தான் நுழைந்தது. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி, 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது இராமநாதன் நுண்கலைக்கழகம். நாங்கள் 'அகடமி' என்போம். 1987இல் நான் அங்கே சேர்ந்தேன். 1990 யூன் மாதம் மறுபடி சண்டை தொடங்கியது, ரயில் நின்றது, கடைசிப் பரீட்சை எழுதாமலே நான் கொழும்புக்கு வெளிக்கிட்டேன். 1991இல் இங்கே வந்து சேர்ந்தேன். முதல் குறிப்பில் 'இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் பயின்றவர்' என்றுதான் எழுதினேன். ஒரு விழாவில் அறிவிப்பாளர் அதை 'இராமநாதன் நுண்கலைக்கழகப் பட்டதாரி' என்று வாசித்தார். நான் திரைக்குப் பின்னால் நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், திருத்தவில்லை. அடுத்த விழாவின் நோட்டீசில் அது அச்சில் வந்தது. அதற்கடுத்த முறை என் கையாலேயே அதை எழுதினேன்.

2016இல் ஒரு அரங்கேற்றம் முடிந்து சாப்பாட்டு நேரம், ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மலரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அகடமியில் எனக்கு ஒரு வருடம் கீழே படித்தவர். முகம் நிறையச் சிரிப்போடு, "அக்கா, நீங்கள் திரும்பிப் போய் முடிச்சனீங்களோ? எந்த வருசம்?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. தானும் போய் முடிக்கலாமா என்று அறியத்தான் கேட்டார். நான் "இல்லை" என்றேன். அவர் மலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பாயாசம் நன்றாக இருக்கிறது என்றார்.

அன்றிரவு பழைய மலர்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து வாசித்தேன். 'பட்டதாரி' மட்டுமில்லை, வேறு இடறல்களும் இருந்தன. ஆனால் எது இடறல், எது சரி என்று முடிவு செய்ய என்னால் முடியவில்லை. ஒருவர் தன் குறிப்பைத் தானே பார்க்கும்போது, எழுதியிருப்பதை வாசிக்காமல் நினைவை வாசித்துவிடுகிறார். 'பயின்றவர்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அகடமியின் மண்டபமும், ரீச்சரின் தட்டுக்கழி விழும் சத்தமும் வரும். வாசிப்பவருக்கு என்ன வரும் என்பது வேறு கதை.

2018இல் சந்தர்ப்பம் வந்தது. பருவ நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றில் என் வகுப்பின் நிகழ்ச்சியைச் சேர்க்கக் கேட்டார்கள். டேனிஷில் 80 சொற்களில் ஒரு குறிப்பு வேண்டும். அதே மாதம் ஒரு அரங்கேற்ற மலருக்குத் தமிழிலும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடிப்படையாக ஒரு குறிப்பை எழுதி, ரீச்சருக்கு மறுபடியும் அனுப்புவது என்று முடிவு செய்தேன். இந்த முறை கடிதத்தை எழுதத்தான் நேரம் போனது. குறிப்பை எழுத ஒரு மாலை. கடிதத்துக்கு ஐந்து நாள்.

ஐந்து நாள் ஏன் போனது என்றால், குருவிடம் 'இதை இதைப் பாருங்கள், இதைப் பார்க்க வேண்டாம்' என்று எப்படி எழுதுவது என்ற கூச்சம். எங்கள் பழக்கத்தில் குருவின் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை. அவர் விரும்பியதைச் சொல்லுவார். ஆனால் எனக்கு அப்போது ஐம்பது வயது. தலை நரைத்த ஒரு மாணவி, தானே ஆசிரியை, பெயர் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் எழுதியதில் பொய் இருக்கிறது என்று எழுபத்தெட்டு வயது ஆசிரியை தானாக எடுத்துச் சொல்லுவாரா? அவரும் மரியாதைதான் பார்ப்பார். "வடிவா இருக்கு பிள்ளை" என்ற பதில் அந்த மரியாதையிலிருந்து வந்தது. அவர் சொல்ல வேண்டுமென்றால், சொல்வது எனக்குச் செய்யும் உதவி என்று அவருக்குத் தெரிய வேண்டும். எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று நான்தான் காட்டவேண்டும்.

இன்னொரு சின்ன அலுவல். 2014இல் நான் அனுப்பியது அச்சுக்கு வடிவமைத்த பக்கம். பூக்கரை, படம், பொன்னிற எழுத்து. ரீச்சர் அதைக் கைத்தொலைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருந்திருக்கும். இந்த முறை வெறும் எழுத்தாக, வரிக்கு இலக்கம் போட்டு, செய்தியாகவே அனுப்பினேன். இலக்கம் இருந்தால் அவர் வாய்ச்செய்தியில் "மூண்டாவது" என்று சொன்னால் போதும்.

கடிதம் இதுதான். பெயர்களை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன்.

"அன்புள்ள ரீச்சருக்கு,

வணக்கம். உங்கள் கால் நோ இப்போது எப்படி?

கீழே என்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். இது இரண்டு இடத்தில் வரும். ஒன்று, இங்கே டேனிஷ் சனம் வாசிக்கும் நிகழ்ச்சிப் புத்தகம். அதற்கு மகள் மொழிபெயர்ப்பாள். மற்றது, நவம்பரில் நடக்கும் அரங்கேற்ற மலர். அதை யாழ்ப்பாணத்து ஆட்கள் வாசிப்பார்கள், உங்களிடம் படித்தவர்களும் இருப்பார்கள். அச்சுக்குக் கொடுக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. உங்கள் பதில் பத்து நாளுக்குள் வந்தால் எனக்குத் திருத்த நேரம் கிடைக்கும். எழுத வேண்டாம், குரலில் சொன்னால் போதும்.

1. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவர் சிறுவயது முதல் பரதநாட்டியம் பயின்றவர்.
2. இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் பயின்றவர்.
3. உங்கள் பெயர் போட்டு, அவர்களின் சிஷ்யை. சென்னையில் (அந்த ஆசிரியரின் பெயர்) அவர்களிடமும் பயிற்சி பெற்றவர்.
4. வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரப் பரீட்சையில் தேறியவர்.
5. போரால் அகதியாகி 1991இல் டென்மார்க் வந்தார்.
6. 1994 முதல் இஷொயில் கற்பிக்கிறார். 11 மாணவியர் இவரிடம் அரங்கேறியுள்ளனர்.

வசனம் அழகா, சொல் சரியா என்று பார்க்க வேண்டாம் ரீச்சர், அதை இங்கே பார்த்துக்கொள்வோம். எனக்கு உங்களிடம் தெரிய வேண்டியது இவைதான்.

இரண்டாவது வரி. நான் கடைசிப் பரீட்சை எழுதவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முந்திய மலர்களில் பட்டதாரி என்று வந்தது. அது பிழை, நான் திருத்தியிருக்க வேண்டும். இப்போது எழுதியிருக்கும் வரியை அகடமியில் படித்த ஒருவர் வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

மூன்றாவது வரி. உங்கள் பெயரைப் போட உங்கள் சம்மதம் வேண்டும். விருப்பம் இல்லையென்றால் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. சென்னை ஆசிரியரிடம் நான் படித்தது 2003இல் 12 நாள் பட்டறை. அவர் பெயரைப் போடலாமா?

ஐந்தாவது வரியை வைப்பதா, எடுப்பதா?

கடைசியாக, இதில் இருக்க வேண்டியது எது இல்லை?

உங்கள் மாணவி"

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியில் இரண்டாவது வரிக்கான கேள்வி வேறு மாதிரி இருந்தது. "பயின்றவர் என்று போட்டால் பிழையில்லைத்தானே ரீச்சர்?" என்று எழுதியிருந்தேன். அனுப்பும் முன் மகள் வாசித்துவிட்டு, "அம்மா, நீங்கள் பதிலையும் எழுதிவிட்டீர்களே" என்றாள். உண்மைதான். 'தானே' என்று முடிகிற கேள்விக்கு ஒரு நல்ல மனுசி 'ஓம்' என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? அதைத்தான், வாசிப்பவர் என்ன நினைப்பார் என்று மாற்றினேன். அப்படிக் கேட்டால் ரீச்சர் என்னைத் தீர்ப்பிட வேண்டியதில்லை. தனக்குத் தெரிந்த ஆட்களை நினைத்துப் பார்த்துச் சொன்னால் போதும். அது அவருக்கும் லேசு.

முந்திய பிழையை நானே சொன்னதும் யோசித்துச் செய்ததுதான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதைப் பற்றிப் பேசுவதா விடுவதா என்ற பாரம் அவர் தலையில் விழுந்திருக்கும்.

ஆறாவது வரியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய குறிப்பில் அங்கே 'நூற்றுக்கணக்கான மாணவர்கள்' என்று இருந்தது. அது சரியா என்று ரீச்சரிடம் கேட்க என்ன இருக்கிறது? வரவுக் கொப்பிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. எண்ணினேன். பெயர் எழுதி வந்தவர்கள் 127. மூன்று வருடமாவது நின்றவர்கள் அதில் பாதிகூட இல்லை. 'நூற்றுக்கணக்கான' என்றால் ஐந்நூறு, அறுநூறு என்று காதில் விழும். வெட்டிவிட்டு, அரங்கேறியவர்களை மட்டும் வைத்தேன். பதினொரு பேரின் மலர்களும் கையில் இருக்கின்றன. நாமே எண்ணிப் பார்க்கக்கூடியதைப் பெரியவர்களிடம் அனுப்பினால், அவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களால் மட்டும் சொல்லக்கூடியது கிடைக்காமல் போகும்.

நான்காம் நாள் பதில் வந்தது. இங்கே அதிகாலை, அங்கே மூன்றரை மணித்தியாலம் முன்னால். நான்கு வாய்ச்செய்திகள். பின்னணியில் காகம் கத்துவதும், யாரோ கிணற்றடியில் வாளி வைப்பதும் கேட்டது. வேலைக்குப் போகும் ரயிலில் கேட்க முடியாது என்று நினைத்து, நடைமேடையிலேயே நின்று முழுவதையும் கேட்டேன். அன்று வேலைக்குப் பிந்திப் போனேன்.

முதல் செய்தி இரண்டாவது வரியைப் பற்றி. "பிள்ளை, எங்கடை சனம் 'அகடமியிலை பயின்றவர்' எண்டு வாசிச்சால் முடிச்சவ எண்டுதான் எடுக்கும். நீ பொய் சொல்லேல்லை, ஆனால் வாசிக்கிறவைக்குப் பொய்தான் போகும். வருசத்தைப் போடு. எம்பத்தேழு, தொண்ணூறு. தொண்ணூறு எண்டு பாத்தாலே எங்கடை ஆக்களுக்கு விளங்கும்." இவ்வளவு எளிய வைத்தியம் எனக்குத் தோன்றவில்லை. பெயரடைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேனே தவிர, இலக்கம் போட நினைக்கவில்லை. அகடமியில் படித்த ஒருவருக்கு 1990 என்ற ஆண்டு ஒரு முழு வாக்கியம்.

இரண்டாவது, பெயர்களைப் பற்றி. தன் பெயரைப் போடச் சம்மதித்தார். சென்னை ஆசிரியரைப் பற்றி ஒரு கேள்வி திருப்பிக் கேட்டார். "அவரை இண்டைக்கு றோட்டிலை கண்டால் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரோ?" மாட்டார். பட்டறையில் நாற்பது பேர் இருந்தோம். எங்கள் தொழிலில் ஒருவரின் பெயரைக் குருவாகப் போடுவது வெறும் தகவல் இல்லை. அவருடைய பாணிக்கு நான் பொறுப்பு என்று சொல்வது. அவர் அமைத்த ஒரு வர்ணத்தை முதலிலிருந்து கடைசிவரை, திரிகால ஜதியிலிருந்து சரணம் முடிய, ஆட்டுவித்துக் காட்ட என்னால் முடியுமா? முடியாது. 12 நாளில் ஒரு ஜதிஸ்வரமும் சில அடவுத் திருத்தங்களும் வந்தன. அவை என் கற்பித்தலில் இன்றும் இருக்கின்றன, ஆனால் அது குறிப்பில் ஏறும் உறவு இல்லை. அந்தப் பெயரை எடுத்தேன்.

மூன்றாவது செய்தி ஐந்தாவது வரிக்கு. அதுதான் மிகச் சிறியது. "அது எனக்குத் தெரியாது பிள்ளை. அங்கத்தையச் சனத்தை எனக்குத் தெரியாது. நீயும் மகளும் கதைச்சு முடிவெடுங்கோ."

அந்தக் கேள்வியை நான் தவறான ஆளிடம் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது. நிகழ்ச்சிப் புத்தகத்துக்குப் பொறுப்பான பெண்தான், அகதியாக வந்த கதையையும் இரண்டு வரி சேர்க்கலாமே என்று அன்போடு கேட்டிருந்தார். டேனிஷ்காரருக்குத் தமிழர் என்றதும் அந்தக் கதைதான் முதலில் வரும். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹேன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார். அதை விசாரித்த அறிக்கை வெளிவந்ததும், 1993 ஜனவரியில் போல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. எங்கள் பெயராலேயே அந்த வழக்கை அழைக்கிறார்கள். அந்த நிறுத்தத்தில் வருடக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் மகள் சொன்னாள்: "அம்மா, அதைப் போட்டால் அவர்கள் மேடையில் அகதியைப் பார்ப்பார்கள். பிறகு தில்லானா எப்படிப் போனாலும் கைதட்டுவார்கள்." எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். 1991 என்ற ஆண்டை மட்டும் வைத்தோம்.

நான்காவது செய்தி கடைசிக் கேள்விக்கு. ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காகம் மட்டும் கேட்டது. பிறகு, "அளவெட்டி ரீச்சரின்ரை பேர் எங்கை?" என்றார்.

நடைமேடையில் நின்றவளுக்கு முகம் சூடாகிவிட்டது. ஏழு வயதில் என்னைத் தட்டடவு போட வைத்தவர் அவர். எங்கள் ஊரில், தன் வீட்டு முன் விறாந்தையில் பத்துப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். பட்டம் இல்லை, பத்திரிகையில் பெயர் வந்ததில்லை. அரைமண்டி இருக்கத் தெரியாத என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து வெளியே திருப்பி, "இஞ்சை, இஞ்சை" என்று மெதுவாகச் சொல்லுவார். 1985இல் நான் அரங்கேறியது அவரிடம்தான். பத்து வருடம் அவரிடம், மூன்று வருடம் அகடமியில். பத்து வருடத்தை 'சிறுவயது முதல் பயின்றவர்' என்ற ஒற்றை வரிக்குள் போட்டு மூடியிருந்தேன். 12 நாள் படித்த சென்னை ஆசிரியருக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் குறிப்பை இருபது முறை வாசித்த நான் அதைக் காணவில்லை. மகள் காணவில்லை, அவளுக்கு அளவெட்டி ரீச்சரைத் தெரியாது. உலகத்தில் அதைக் காணக்கூடிய ஒரே ஆள் இந்த ரீச்சர்தான். அவரிடம் வந்து சேர்ந்தபோது என் அரைமண்டியைப் பார்த்துவிட்டு, "ஆரிட்டைப் படிச்சனீ?" என்று கேட்டவர் அவர்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் ஏறக்குறைய எழுதாமலே விட்டிருப்பேன். குறிப்பாகக் கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதில், அப்படிப் பொதுவாக ஒரு கேள்வி போடுவது பழைய "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ"வுக்குத் திரும்புவது போலத் தெரிந்தது. ஆனால் நான் கேட்ட மூன்றும் எழுதியிருந்ததைப் பற்றியவை. எழுதாததைப் பற்றிக் கேட்க அந்த ஒரு வரி தேவைப்பட்டது. அதுவும் மற்றக் கேள்விகளுக்குப் பிறகு வந்ததால்தான் பலித்தது என்று நினைக்கிறேன். அதற்குள் ரீச்சர் என் வரலாற்றுக்குள்ளேயே நடந்து வந்திருந்தார்.

செய்தி முடியும்போது ஒன்று சேர்த்தார். "சபைப் பரீட்சைப் பத்திரம் கையிலை இருக்கெல்லே? அதை மேலை போடு. ஆரும் கேட்டால் எடுத்துக் காட்டலாம்."

டேனிஷ் பிரதிக்கு மகளோடு இரண்டு மாலை இருந்தேன். 'சிஷ்யை' என்பதற்கு அகராதி 'டிசிப்பெல்' என்ற சொல்லைக் கொடுத்தது. அது இயேசுவின் சீடர்களை நினைவூட்டும் என்று மகள் வேண்டாம் என்றாள். 'எலேவ்' என்று போட்டோம், மாணவி. சிறிய சொல், ஆனால் உண்மைக்குக் கிட்ட. 'அரங்கேற்றம்' என்பதை அப்படியே வைத்து, முதன்முறை தனியாக ஆடும் முழு மாலை நிகழ்ச்சி என்று பக்கத்தில் விளக்கினோம். தன்னை உயர்த்திப் பேசாதே என்ற வழக்கம் டேனிஷ்காரரிடம் ஆழமாக உண்டு. அக்சல் சாண்டமோச 1933இல் தன் நாவலில் அதற்கு 'யாந்தே சட்டம்' என்று பெயரே வைத்தார். எங்கள் மலர்களில் வரும் 'புகழ்பூத்த', 'தன்னிகரற்ற' எல்லாம் அங்கே செல்லாது. ஆண்டுகளும் இடங்களும் மட்டும் நின்றன. இறுதிப் பரீட்சை எழுதவில்லை என்பதை டேனிஷில் சொல்லவில்லை. அவர்கள் அதை எடைபோடப் போவதில்லை. 1987 முதல் 1990 வரை என்பது அவர்களுக்குப் போதும். தமிழில் அது எழுத்தில் நிற்கவேண்டும் என்று நானே முடிவு செய்தேன். முந்திய மலர்களை வைத்திருப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

தமிழ்ப் பிரதி கடைசியில் இப்படி வந்தது.

"அளவெட்டியில் (முதல் ரீச்சரின் பெயர்) அவர்களிடம் ஏழு வயதில் பரதநாட்டியம் கற்கத் தொடங்கி, 1985இல் அவரிடமே அரங்கேறியவர். வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரப் பரீட்சையில் தேறியவர். 1987 முதல் 1990 வரை இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் (ரீச்சரின் பெயர்) அவர்களிடம் கற்றவர். போர்ச் சூழலால் இறுதிப் பரீட்சை எழுதவில்லை. 1991 முதல் டென்மார்க்கில் வாழ்ந்து, 1994 முதல் இஷொயில் கற்பித்து வரும் இவரிடம் இதுவரை 11 மாணவியர் அரங்கேறியுள்ளனர்."

ஐந்து வாக்கியம். ரீச்சருக்கு மறுபடி அனுப்பினேன், இந்த முறை கேள்வி இல்லாமல். என்னென்ன மாற்றினேன், அவர் சொன்னதில் எதை எப்படி எடுத்தேன் என்று மட்டும் எழுதி. அளவெட்டி ரீச்சர் 2009இல் காலமாகிவிட்டார். அவருடைய மகளிடம் பெயரைப் போடச் சம்மதம் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். ரீச்சரே அவரோடு கதைத்து, ஓம் என்று வாங்கித் தந்தார்.

இப்போது என் பழைய மாணவிகளும் இப்படி அனுப்புகிறார்கள். ஒருத்தி ஆகூஸ் நகரில் வகுப்பு நடத்துகிறாள். போன மாசி மாதம் ஒரு குறிப்பை அனுப்பி, "பாத்துச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றாள். எங்கே அச்சாகும், யார் வாசிப்பார்கள், எந்த வரியை எழுதும்போது உனக்குக் கை தயங்கியது என்று கேட்டேன். ஒரு நாள் கழித்து, "மூன்றாவது வரி" என்று பதில் வந்தது. மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது. என்னிடம் இரண்டு வருடம்தான் படித்தாள். மிச்சம் வேறு ஒருவரிடம். அவர்கள் இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். அந்த ஆசிரியையின் பெயர் குறிப்பில் இல்லை. நாங்கள் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அந்த 2018 நவம்பர் அரங்கேற்றத்தன்று அறிவிப்பாளர் வழக்கமாக வரும் அண்ணாதான். மலர் கையில் இருந்தாலும் என்னைப் பற்றிய அறிமுகம் அவருக்கு மனப்பாடம், பழையது. நிகழ்ச்சி தொடங்க அரை மணித்தியாலம் முன்னால், பெரிய எழுத்தில் அடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒலிவாங்கி அருகே போனேன்.

"அண்ணா, இதிலை இருக்கிறதை மட்டும் வாசியுங்கோ. ஒண்டும் கூட்ட வேண்டாம்."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். நான்காவது வாக்கியத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதையுமோ தங்கச்சி?"

"ஓம் அண்ணா, அதையும்."

நான் மேடையின் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்து தாளத்தை எடுத்து மடியில் வைத்தேன். மிருதங்கக்காரர் சுதி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா தாளை விரித்து, அளவெட்டி என்று தொடங்கினார்.